24,500 ரூபாய் சர்ப்பதோஷ ஹோமம்: கட்டலாமா?

செல்வி, 11 ஜூலை 2025, இரவு 9.40

தங்கச்சிக்கு 29 வயசு. மூணு வருஷமா வரன் தேடுறோம். போன வாரம் அம்மா ஒரு ஜோதிட வெப்சைட்ல இலவச ஜாதகம்னு பார்த்து அவ விவரத்தைப் போட்டுட்டாங்க. போன் நம்பர் கொடுத்தாத்தான் பிடிஎஃப் வரும்னு இருந்ததால அதையும் கொடுத்துட்டாங்க. 42 பக்கம் வந்துச்சு. நடுவுல சிவப்புக் கட்டத்துல காலசர்ப்ப தோஷம், அடுத்த பக்கத்துல செவ்வாய் தோஷம்.

மறுநாள் காலைல 'குருஜி ஆபீஸ்'னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. காளஹஸ்தி பக்கத்துல சர்ப்பதோஷ நிவர்த்தி ஹோமம், நேர்ல வர வேண்டாம், தங்கச்சி பேர்ல பண்ணி வீடியோ, பிரசாதம் அனுப்புவாங்களாம். 24,500 ரூபாய். இன்னைக்கே கட்டினா 19,600. ஆடி அமாவாசை 24-ஆம் தேதி வருது, அதுக்குள்ள பண்ணலைன்னா இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்ங்குது. அம்மா நகையை வச்சாவது கட்டிடலாம்னு நிக்கிறாங்க. இந்த விலை நியாயமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலா திருப்பூர், 11 ஜூலை, இரவு 10.05

ஒரு ரூபாய் கூடக் கட்டாதீங்க. இந்த மே மாதம் காலமான விஞ்ஞானி நார்லிகர் 2008-ல் புனேயில் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 வீதம் 27 ஜோதிடர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னது 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். தோஷமே பொய் என்னும்போது நிவர்த்திக்கு என்ன விலை? தவிர, 1954-ஆம் வருடச் சட்டப்படி இந்த மாதிரிப் பரிகார விளம்பரம் எல்லாமே குற்றம். போலீசில் சொல்லுங்கள்.

வேணு குடந்தை, 12 ஜூலை, காலை 6.30

செல்வி, பணத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அம்மாவிடம் 'அமாவாசைக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது, அதற்குள் பார்த்துவிடுவோம்' என்று சொல்லுங்கள். இன்றே கட்டினால் தள்ளுபடி என்பது கடை வைத்திருப்பவனின் பேச்சு.

நான் ஜோதிடத்தை நம்புகிறவன். தாத்தாவிடம் உட்கார்ந்து வாக்கியப் பஞ்சாங்கத்தை வைத்து ஜாதகம் எழுதப் பழகியவன். ஆனால் பாலா சொல்லும் சோதனை நடந்தது உண்மை, அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பலன் நடக்குமா என்ற வழக்கை இங்கே தீர்க்க முடியாது, செல்வியும் அதைக் கேட்கவில்லை. அந்தத் தளம் சொல்வது அதன் கணக்குப்படியே சரியா, வாங்குகிற காசுக்குச் சொன்னதைச் செய்வார்களா, இந்த இரண்டையும் நம்பிக்கை இருப்பவரும் இல்லாதவரும் சரிபார்க்கலாம்.

சட்ட விஷயத்தில் பாலா சொன்னது பாதி சரி. 1954 சட்டம் மருந்து, மந்திர நிவாரண விளம்பரங்களைப் பற்றியது. தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் அதில் வருகிறது. ஆனால் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால்தான் அந்தச் சட்டம் பாயும். கல்யாணத் தடைக்கு ஹோமம் என்றால் வேறு கதை.

செல்வி, அந்த பிடிஎஃப்பில் முதல் சில பக்கங்களுக்குள் 'கிரக ஸ்புடம்' என்று ஓர் அட்டவணை இருக்கும். எந்தக் கிரகம் எந்த ராசியில் எத்தனை பாகை என்று போட்டிருக்கும். அதை மட்டும் இங்கே எழுதுங்கள். பிறந்த தேதியையும் பெயரையும் எழுத வேண்டாம்.

கதிர் சேலம், 12 ஜூலை, காலை 8.15

சார் நானும் இதே பிரச்சனைதான். மகர ராசி. ஒரு சைட் ஏழரைச் சனி முடிஞ்சிருச்சு, நன்றி பரிகாரம் 3,500னு மெசேஜ் அனுப்புது. இன்னொரு சைட் பாதச் சனி ஓடுது, கடைசி கட்டம்தான் மோசம், 6,000 கட்டுங்கன்னு சொல்லுது. எந்தக் கோயிலுக்குப் போகணும்?

வேணு குடந்தை, 12 ஜூலை, காலை 9.00

கதிர், கோயில் கேள்வியை அப்புறம் பார்ப்போம். நீங்கள் சொன்னதில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. இரண்டு தளமும் கணக்கில் பொய் சொல்லவில்லை. திருக்கணிதப்படி சனி 29 மார்ச் 2025 அன்றே மீனத்துக்குப் போய்விட்டார், உங்களுக்கு ஏழரை முடிந்தது. வாக்கியப்படி 6 மார்ச் 2026-ல்தான் போகிறார், அதுவரை பாதச் சனி. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறது. இந்த மார்ச்சில் கூட்டம் சேரத் தொடங்கியபோது 'பெயர்ச்சி இந்த வருடம் இல்லை' என்று கோயில் நிர்வாகமே அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம் வீடுகளில் ஒரு பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டு அதோடேயே போவோம். விற்கிறவருக்கு இரண்டும் வேண்டும். ஒன்றின்படி முடிந்தது என்று ஒரு பரிகாரம், மற்றதின்படி முடியவில்லை என்று இன்னொன்று. எந்தத் தளமானாலும் முதலில் 'நீங்கள் வாக்கியமா, திருக்கணிதமா' என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழிக்கிறவரிடம் பரிகாரம் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று. எந்த நாளில் எண்ணினாலும் பன்னிரண்டு ராசியில் மூன்றுக்கு ஏழரை ஓடும். அஷ்டமச் சனியையும் அர்த்தாஷ்டமச் சனியையும் சேர்த்தால் ஐந்து. தளத்துக்கு வரும் நூறு பேரில் நாற்பது பேருக்கு மேல் சனியைக் காட்டி ஒரு சிவப்புக் கட்டம் போட்டுவிடலாம்.

செல்வி, 12 ஜூலை, மாலை 7.20

அண்ணா, மூணாம் பக்கத்துல இருந்துச்சு. 1996 தை மாசம், ஹஸ்தம். பிறந்த நேரம்னு அம்மா சாயங்காலம் 4.45 போட்டிருக்காங்க. கடக லக்னம்னு வருது. சூரியன் மகரம் 26. சந்திரன் கன்னி 22. செவ்வாய் கும்பம் 1. குரு தனுசு 14. சுக்கிரன் மீனம் 6. சனி கும்பம் 29. ராகு கன்னி 26, கேது மீனம் 26. புதன் தனுசு முடிஞ்சு மகரம் ஆரம்பிக்கிற இடத்துல.

வேணு குடந்தை, 12 ஜூலை, இரவு 10.50

ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். எல்லாக் கிரகமும் ராகுவுக்கும் கேதுவுக்கும் இடையில் ஒரே பக்கமாக அடைபட்டால் காலசர்ப்பம் என்கிறார்கள். ராகு கன்னியில். அங்கிருந்து துலாம், விருச்சிகம் என்று எண்ணிக்கொண்டு போனால் தனுசில் குரு, மகரத்தில் சூரியன், அந்த எல்லையில் புதன், கும்பத்தில் செவ்வாயும் சனியும், மீனத்தில் சுக்கிரன், அதே மீனத்தில் கேது. சுக்கிரன் 6, கேது 26 என்பதால் அவரும் உள்ளேதான். ஏழு கிரகத்தில் ஆறு உள்ளே வந்துவிட்டன.

மிச்சம் சந்திரன். அவரும் கன்னியில், ராகுவோடு ஒரே கட்டத்தில் இருக்கிறார். கட்டத்தை மட்டும் பார்க்கிற கணினி அவரை உள்ளே சேர்த்துச் சிவப்புக் கட்டம் போட்டுவிட்டது. ஆனால் அவர்கள் அச்சடித்த ஸ்புடமே என்ன சொல்கிறது? ராகு 26-ல், சந்திரன் 22-ல். வேலி 26-ஆம் பாகையில் தொடங்குகிறது, சந்திரன் அதற்கு நாலு பாகை முன்னாலேயே நிற்கிறார். வேலிக்கு வெளியே. ஒரு கிரகம் வெளியே நின்றாலும் காலசர்ப்பம் இல்லை என்பதுதான் அதைச் சொல்கிறவர்களே வைத்திருக்கும் விதி.

அதாவது 24,500 ரூபாய் ஹோமத்துக்கான தோஷம் அவர்களுடைய மூன்றாம் பக்கத்தின்படியே இல்லை. நாளைக்கு அந்தப் பெண் போன் செய்தால் இதை மட்டும் கேளுங்கள்: 'சந்திரன் 22, ராகு 26. சந்திரன் எப்படி உள்ளே வந்தார்?'

லலிதா, ஸ்ரீரங்கம், 13 ஜூலை, காலை 5.50

வேணு சொன்னது சரி. காலசர்ப்பம் என்ற பேச்சே என் மாமனார் காலத்தில் எங்கள் வீட்டில் கிடையாது. வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் அப்படி ஒரு தோஷம் இல்லை. செவ்வாய்க்கு வருகிறேன். கடக லக்னத்துக்குக் கும்பம் எட்டாமிடம். எட்டில் செவ்வாய் என்றதும் பெண்ணைப் பெற்றவர்கள் பயப்படுவார்கள். ஆனால் கடக லக்னத்துக்கும் சிம்ம லக்னத்துக்கும் செவ்வாய் யோகக்காரர், அவர்களுக்குத் தோஷம் சொல்வதில்லை. கும்பத்தில் இருக்கும் செவ்வாய்க்கும் தோஷம் இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இரண்டு விதத்திலும் நிவர்த்தி ஆகிவிட்டது. தோஷத்தை மட்டும் அச்சடித்து, விலக்கை அச்சடிக்காமல் விட்டால் அது ஜாதகம் இல்லை.

வேணு குடந்தை, 13 ஜூலை, காலை 7.10

மாமி, கும்பத்து விலக்கு எனக்கு நேற்று இரவு நினைவுக்கு வரவில்லை. நன்றி.

இதை ஒட்டி ஒரு கணக்கு. செவ்வாய் 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களில் இருந்தால் தோஷம். லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினால் பன்னிரண்டில் ஏழு பங்குப் பேர் தப்பிப்பார்கள். தளங்கள் லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் எண்ணி, ஒன்றில் வந்தாலும் தோஷம் என்று போடுகின்றன. மூன்றிலும் தப்பித்தால்தான் விடுதலை. பன்னிரண்டில் ஏழு என்பதை மூன்று முறை பெருக்கினால் 343-க்குக் கீழே 1,728. நூற்றுக்கு இருபது பேர். மற்ற எண்பது பேரும் செவ்வாய் தோஷக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். விலக்குகளைப் பார்க்காவிட்டால் ஊரில் பாதிக்கு மேல் தோஷம் என்றுதான் வரும்.

செல்வியின் தங்கைக்குச் சந்திரனிலிருந்து செவ்வாய் ஆறில், தோஷம் இல்லை. சுக்கிரனிலிருந்து பன்னிரண்டில், எண்ணுகிறவர்களுக்கு உண்டு.

முத்துக்குமார், 13 ஜூலை, காலை 11.30

செவ்வாயும் சனியும் ஒரே ராசியில் இருக்கும்போது தோஷம் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? அது இன்னும் மோசம். எங்க அக்கா ஜாதகத்துல அப்படித்தான் இருந்துச்சு, என்ன நடந்துச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

லலிதா, ஸ்ரீரங்கம், 13 ஜூலை, பகல் 12.05

சனியோடு சேர்ந்தால் தோஷம் அடங்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இங்கே ஒன்று ராசியின் ஆரம்பத்தில், ஒன்று முடிவில், நடுவே 28 பாகை. இதைச் சேர்க்கை என்றே நான் சொல்ல மாட்டேன். உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது வருத்தமான விஷயம் தம்பி. அதை வைத்து இந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டாம்.

முத்துக்குமார், 13 ஜூலை, பகல் 12.40

நான் ஒத்துக்கல. ஆனா காசு கட்டுன்னும் சொல்லல.

செல்வி, 14 ஜூலை, இரவு 8.30

அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. சந்திரன் 22, ராகு 26ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் 'குருஜிகிட்டக் கேட்டுச் சொல்றேன்'னு வச்சிடுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு வேற ஒரு ஆள் பேசினார். அது 'பகுதி காலசர்ப்பமாம்', அதுக்கு இன்னும் வீரியம் ஜாஸ்தியாம். தங்கச்சி நல்லதுக்காக 16,000க்குப் பண்ணித் தரேன்னார்.

வேணு குடந்தை, 14 ஜூலை, இரவு 9.15

24,500, 19,600, இப்போது 16,000. நெய்யும் சமித்தும் தட்சிணையும் நான்கு நாளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதா? செலவைக் கணக்குப் போட்டு வைத்த விலை என்றால் இப்படி இறங்காது.

ஒரு ஹோமத்துக்கு உண்மையில் என்ன ஆகும் என்று சொல்கிறேன். 2023-ல் என் தங்கை வீட்டில் நவக்கிரக ஹோமம் செய்தோம். நான்கு வாத்தியார்கள், ஆளுக்கு 2,000. நெய், ஒன்பது வகைச் சமித்து, வஸ்திரம், கலசச் சாமான், பழம், பூ எல்லாம் சேர்ந்து 4,200. சாப்பாட்டுக்கு 1,800. மொத்தம் 14,000. வீட்டில் இருந்த பதினோரு பேரும் உட்கார்ந்து, எல்லாருடைய நட்சத்திரத்தையும் சொல்லிச் செய்தது. ஊருக்கு ஊர் தட்சிணை மாறும், சென்னையில் கூட ஆகும். ஆனால் எங்கே காசு போயிற்று என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் சொல்ல முடியும்.

அந்த ஆளிடம் கேட்க வேண்டியது: தனி ஹோமமா, கூட்டு ஹோமமா? எத்தனை வாத்தியார்? ஒரு அக்னியில் எத்தனை பேருக்குச் சங்கல்பம்? ஒரே அக்னியில் நாற்பது பெயர்களை வாசித்து ஆளுக்கு 24,500 வாங்கினால் ஒரு காலைப் பொழுதுக்கு 9,80,000 ரூபாய். கூட்டு ஹோமம் தப்பில்லை, கோயில்களிலேயே உண்டு. ஆனால் அதற்குத் தனி ஹோமத்தின் விலை கிடையாது.

அந்தோணி உறையூர், 14 ஜூலை, இரவு 11.00

ஹோமம் பத்தி எனக்குத் தெரியாது. அடுத்து உங்களுக்குக் கல்லு வரும் பாருங்க. நான் இருபது வருஷம் திருச்சியில செயற்கைக் கல்லு பட்டை தீட்டினவன். கனகபுஷ்பராகம்னு இவங்க அனுப்புறதுல மஞ்சள் கண்ணாடி இருக்கும், எங்க ஊர்ப் பட்டறையில தீட்டின செயற்கைக் கல்லும் இருக்கும். கூட ஒரு சர்ட்டிபிகேட்டும் வரும். அதுல ஒளிவிலகல் எண் 1.76னு போட்டிருப்பாங்க. அது பொய் இல்ல. மண்ணுல எடுத்த கல்லுக்கும் 1.76தான், உலையில செஞ்சதுக்கும் 1.76தான், ரெண்டும் ஒரே பொருள். வித்தியாசம் மைக்ரோஸ்கோப்லதான் தெரியும். உலைக் கல்லுல வளர்ச்சிக் கோடு வளைஞ்சு போகும், இயற்கைக் கல்லுல நேராப் போகும். அதனால சர்ட்டிபிகேட்ல 'இயற்கை'ங்கிற வார்த்தை இருக்கா, கொடுத்த லேப் விக்கிறவனோடதா வேற யாரோடதான்னு பாருங்க. சூடு பண்ணின கல்லான்னும் எழுதியிருக்கணும்.

செல்வி, 15 ஜூலை, காலை 7.00

அந்தோணி அண்ணா, நிஜமாவே வந்துருச்சு! ராத்திரி வாட்ஸ்அப்ல கனகபுஷ்பராக மோதிரம் போட்டோ அனுப்பியிருக்காங்க, 11,999.

பாலா திருப்பூர், 15 ஜூலை, காலை 8.20

வேணு அண்ணன் கணக்கில் இவ்வளவு தேர்ந்தவர். ஒரு கேள்வி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எப்போதாவது இப்படிக் கட்டியிருக்கிறீர்களா?

வேணு குடந்தை, 16 ஜூலை, அதிகாலை 4.40

கட்டியிருக்கிறேன். இரண்டு நாளாக இதை எழுதலாமா என்று யோசித்தேன்.

2021 ஆடி. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். கொரோனாக் காலம், எங்கேயும் போக முடியவில்லை. ஒரு தளத்தில் ஆடி அமாவாசை அன்று மிருத்யுஞ்ஜய ஹோமம், 9,800 ரூபாய். கட்டினேன். அன்று 8 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு நிமிட வீடியோ வந்தது. அப்பாவின் தலைமாட்டில் போனை வைத்து ஓட விட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பூர்ணாஹுதி வந்தபோது கையைக் கூப்பினார். வீடியோ முடிந்ததும் என்னைப் பார்த்து, 'என்னடா, வருஷம் சார்வரிங்கிறான்?' என்றார்.

திரும்பப் போட்டுக் கேட்டேன். எந்த ஹோமத்திலும் முதலில் சங்கல்பம் உண்டு. வருடத்தின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை எல்லாம் அதில் வரிசையாக வரும். அந்த வாத்தியார் சொன்னது 'சார்வரி நாம ஸம்வத்ஸரே, உத்தராயணே, ஹேமந்த ருதௌ, மகர மாஸே', கடைசியில் 'குரு வாஸர'. நாங்கள் இருந்தது பிலவ வருடம், தட்சிணாயனம், கிரீஷ்ம ருது, கடக மாதம், ஞாயிறு. அவர் சொன்ன குறிப்புகளைப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தேன். சார்வரி, மகர மாதம், அமாவாசை, வியாழன். 11 பிப்ரவரி 2021, தை அமாவாசை. ஆறு மாதத்துக்கு முன்னால் யாருக்கோ நடந்த ஹோமம். பெயரும் கோத்திரமும் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நாகஸ்வரத்தை ஏற்றியிருந்தார்கள், கீழே அப்பாவின் பெயரை எழுத்தாக ஓட்டியிருந்தார்கள்.

அந்த வாத்தியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எந்த நாளில் செய்தாரோ அந்த நாளைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். விற்றவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. பணம் கேட்டேன், 'சேவை தொடங்கிய பிறகு திருப்பித் தரப்படாது' என்ற விதியை அனுப்பினார்கள். அப்பாவை விட்டு நகர முடியாத நேரம், அதற்கு மேல் நான் போராடவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

லலிதா, ஸ்ரீரங்கம், 16 ஜூலை, காலை 6.15

உன் அப்பா அந்த நிலையிலும் சங்கல்பத்தைக் காதில் வாங்கியிருக்கிறார். பெரிய மனிதர்.

பாலா திருப்பூர், 16 ஜூலை, காலை 9.00

அண்ணே, மன்னிக்கவும். இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். நம்பாத நான்கூட இதைச் சரிபார்க்க முடியும் போலிருக்கிறதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். நோய்க்கு ஹோமம் என்று விற்றார்களே, அது 1954 சட்டத்தில் வராதா?

வேணு குடந்தை, 16 ஜூலை, இரவு 9.30

பாலா, இன்ன நோயைத் தீர்க்கும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் வரும். அவர்கள் 'ஆயுள் விருத்தி' என்று எழுதியிருந்தார்கள், நோயின் பெயர் எதுவும் இல்லை. வார்த்தையைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆனால் செய்யாத சேவைக்குக் காசு வாங்கியது நுகர்வோர் வழக்கு. 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். அதைத்தான் நான் செய்திருக்க வேண்டும். 'இன்றே கட்டு, இல்லாவிட்டால் போச்சு' என்று பொய் அவசரம் காட்டி விற்பதும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு விதிமுறைகளில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

யாராவது ஆன்லைனில் ஹோமம் செய்தே ஆக வேண்டும் என்றால், சங்கல்பத்தைப் பெயரோடு சேர்த்து, இடையில் வெட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஆடி அமாவாசைக்கு என்றால் விசுவாவசு வருடம், தட்சிணாயனம், கடக மாதம், அமாவாசை, குரு வாஸரம் என்று வர வேண்டும். சமஸ்கிருதம் தெரியாவிட்டாலும் இந்த ஐந்து சொல் காதில் விழும். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம். நீங்கள் கோத்திரம் எழுதிக் கொடுத்தும் சிவகோத்திரம் என்று வந்தால், உங்கள் தாளை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கதிர் சேலம், 16 ஜூலை, இரவு 10.10

சார் எனக்கு எந்தக் கோயில்னு சொல்லவே இல்ல.

வேணு குடந்தை, 17 ஜூலை, காலை 6.00

கதிர், உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் என்றால் மார்ச் வரை பொறுத்து, பெயர்ச்சிக் கூட்டம் வடிந்த பிறகு திருநள்ளாறு போய் நள தீர்த்தத்தில் குளித்துத் தரிசனம் செய்யுங்கள். சேலத்திலேயே நவக்கிரக சந்நிதி இருக்கும், சனிக்கிழமை ஓர் எள் தீபம் போட்டாலும் போதும். இரண்டு தளத்தின் எண்ணையும் போனில் தடுத்துவிடுங்கள்.

செல்வி, 17 ஜூலை, இரவு 9.50

ரெண்டு விஷயம். அந்த ஆள்கிட்ட வெட்டாத சங்கல்பம் கேட்டேன். 'அப்படி அனுப்புற வழக்கம் இல்ல, குருஜி பாதுகாப்பு'ன்னார். அம்மா பக்கத்துல இருந்து ஸ்பீக்கர்ல கேட்டாங்க. வேணு அண்ணா எழுதின அப்பா கதையை நேத்தே படிச்சுக் காட்டியிருந்தேன். போனை வாங்கி அவங்களே வச்சிட்டாங்க.

ரெண்டாவது, பீரோவைக் குடைஞ்சு தங்கச்சி பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தோம். மன்னார்குடி. அதுல 4.10னு இருக்கு, 4.45 இல்ல. அம்மா ஞாபகத்துல போட்டிருக்காங்க. இப்ப என்ன ஆகும்?

காளஹஸ்திக்கு நாமளே போயிட்டு வரலாம்னு அம்மா கேக்குறாங்க. தோஷம் இல்லைன்னாலும் மனசுக்கு.

வேணு குடந்தை, 17 ஜூலை, இரவு 11.20

போய் வாருங்கள். காளஹஸ்தியில் ராகு கேது பூஜைக்குக் கோயில் கவுன்டரிலேயே டிக்கெட். 500-இல் தொடங்கி 750, 1,500, 2,500, 5,000 என்று படிகள் இருக்கும். பூஜை எல்லாவற்றிலும் ஒன்றுதான், உட்காரும் இடம் மாறும், கூட்டம் குறையும். பூஜைச் சாமானும் சின்ன வெள்ளி நாகமும் டிக்கெட்டோடு கொடுத்துவிடுவார்கள். வாசலில் ஐயர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் எதுவும் வாங்க வேண்டாம். அமாவாசையன்று நெருக்கித் தள்ளும், சாதாரண நாளில் போங்கள். மூன்று பேர் பஸ்ஸில் போய் வந்தாலும், அந்த ஆள் கடைசியாகச் சொன்ன 16,000-இல் பாதிகூட ஆகாது.

4.10 என்றால் லக்னம் மாறிவிட்டது. அன்று மன்னார்குடியில் சுமார் 4.25 வரை மிதுனம், அதற்குப் பிறகுதான் கடகம். மிதுனத்துக்குக் கும்பம் ஒன்பதாமிடம். லக்னத்திலிருந்து செவ்வாய் தோஷம் என்ற பேச்சே இல்லை. மாமியும் நானும் எட்டாமிடத்துக்கு விலக்குத் தேடியதற்குத் தேவையே இருந்திருக்காது. 35 நிமிடம் தவறாகப் போட்டதில் 42 பக்கமும் வேறு யாரோ ஒரு பெண்ணின் ஜாதகம் ஆகிவிட்டது.

முத்துக்குமார், 18 ஜூலை, காலை 7.45

சீட்டுல இருக்கறது குழந்தை பிறந்த நேரமா, நர்ஸ் எழுதின நேரமா?

வேணு குடந்தை, 18 ஜூலை, காலை 8.30

நல்ல கேள்வி. பொதுவாகப் பிறந்த பிறகுதான் எழுதுவார்கள், அப்படியானால் நிஜ நேரம் 4.10-க்கு முன்னால்தான் போகும், மிதுனம் மாறாது. கடிகாரம் பதினைந்து நிமிடம் பின்தங்கி ஓடியிருந்தால் மட்டும் கடகத்துக்குப் போகும். செல்வி, அம்மாவிடம் கேளுங்கள்: குழந்தை பிறந்தபோது வார்டில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்ததா, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்களா, ஏதாவது நினைவில் இருக்கும். சுக்கிரனுக்குப் பன்னிரண்டில் செவ்வாய் என்பது எந்த லக்னமானாலும் அப்படியே இருக்கிறது. பையன் வீட்டில் அதை எண்ணுகிறவர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாமி சொன்ன கும்பத்து விலக்கை அவர்கள் ஜோதிடரிடம் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்கிறவரும் உண்டு, கொள்ளாதவரும் உண்டு.

செல்வி, 18 ஜூலை, இரவு 8.05

அம்மாகிட்டக் கேட்டேன் அண்ணா. பாப்பா அழுத சத்தம் கேட்டப்ப எதிர் ஸ்கூல்ல மணி அடிச்சுதாம். பெரிய மணி, விடுற மணி. அந்த ஸ்கூல் அப்ப நாலு மணிக்கா, நாலேகாலுக்கா விட்டாங்கன்னு மாமாகிட்டக் கேட்டிருக்கேன். அவர் அங்கதான் படிச்சார்.